சொல்லை எங்கே முறிப்பது? தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இயக்குநர் அவர்களுக்கும், அங்கே தமிழ்க் கணிமைப் பணியில் இருக்கும் அன்பர்களுக்கும் வணக்கம்.

அச்சகங்களுக்கு மெய்ப்புத் திருத்தித் தருவது என் தொழில். புத்தகம், அழைப்பிதழ், சங்கங்களின் சுற்றறிக்கை, அலுவலக வாசலில் ஒட்டும் அறிவிப்பு என்று எல்லாம் வரும். அண்மைக் காலமாக, அச்சாகும் அதே அறிவிப்பைக் கைப்பேசிக் குழுக்களில் அனுப்புவதற்கும் பார்த்துத் தரச் சொல்கிறார்கள். எழுத்துப்பிழையும் ஒற்றுப்பிழையும் முன்பைவிடக் குறைந்திருக்கின்றன. குறையாமல் நிற்பது ஒன்றுதான்: வரியின் முடிவில் சொல் முறியக் கூடாத இடத்தில் முறிவது. இதை எழுதியவரின் பிழை என்று சொல்ல முடியாது; தட்டச்சு செய்தவரின் பிழையும் அல்ல. தமிழ்ச் சொல்லை எங்கே முறிக்கலாம் என்று மென்பொருளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காததால் வருவது.

அந்த விதியை ஒரு பக்க அளவில் எழுதி, மென்பொருள் படிக்கக்கூடிய பட்டியலாகவும் ஆக்கி, உங்கள் பெயரில் வெளியிட வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்-16-ஐயும் தரமாக அறிவித்தபோது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற குழப்பத்துக்கு ஒரு முடிவு கிடைத்தது. எழுத்துகள் வரியில் எப்படி அமர வேண்டும் என்பதற்கு அப்படி ஒரு முடிவு இன்னும் கிடைக்கவில்லை.

ஓர் அறிவிப்பை எடுத்துக்கொள்கிறேன். மண்டபங்கள், மருத்துவ முகாம்கள், நூலகக் கூட்டங்கள் எல்லாவற்றிலும் புழங்கும் வாக்கியம்தான்: "முன்பதிவு செய்யாதவர்கள் அனுமதிக்கப்படமாட்டார்கள்." மூன்று சொற்கள். கடைசிச் சொல்லில் மட்டும் பதினைந்து எழுத்துகள். கணினி அதைச் சேமிக்க 24 குறியீடுகள் எடுத்துக்கொள்கிறது, ஏனென்றால் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். இந்த வாக்கியம் ஒரு வரிக்குப் பன்னிரண்டு எழுத்துக்கு இடமுள்ள உரையாடல் குமிழிக்குள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்பார்வை குறைந்து எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் பெரியவர்களின் கைப்பேசியில் இது சாதாரணமான அளவு. (எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும். கணக்கு எளிதாக இருக்க எல்லாவற்றையும் ஒரே அகலமாகக் கொள்கிறேன்.)

செயலியை எழுதியவர் "வரியை முழுதாக நிரப்பு, இடம் தீர்ந்த இடத்தில் வெட்டு" என்று சொல்லியிருந்தால் இப்படி வரும்:

முன்பதிவு செய்யாதவர்
கள் அனுமதிக்கப்பட
மாட்டார்கள்

இரண்டாம் வரியைப் பாருங்கள். அறிவிப்பை யாரும் முதல் எழுத்திலிருந்து ஒழுங்காகப் படிப்பதில்லை. கண் நடுவில் விழுந்து, பிறகுதான் மேலும் கீழும் போகிறது. அப்படி விழும் கண்ணுக்குக் கிடைப்பது மதுவிலக்கைப் பற்றிய செய்தி. முதல் வரியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. "செய்யாதவர்" என்பது தானே நிறைவான சொல்லாக நிற்பதால், அது முடியவில்லை என்று படிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

செயலி கொஞ்சம் கவனமாக எழுதப்பட்டிருந்தால், "இடைவெளி உள்ள இடத்தில் மட்டும் வரியை மடக்கு, ஒரு சொல் வரியைவிட நீளமாக இருந்தால் மட்டும் வெட்டு" என்று சொல்லியிருப்பார்கள். அப்போது இப்படி வரும்:

முன்பதிவு
செய்யாதவர்கள்
அனுமதிக்கப்படமாட்டா
ர்கள்

முதல் மூன்று வரிகள் பரவாயில்லை. நான்காவது வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்குகிறது. மெய்யெழுத்து எந்தத் தமிழ்ச் சொல்லுக்கும் முதலில் வராது. "ர்கள்" என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் நாக்கு நிற்கும். முன்வரிக்குத் திரும்பிப் போய் "டா" என்பதை எடுத்துவந்து ஒட்டினால்தான் ஒலி வரும்.

மூன்றாவதாக ஒன்றும் நடக்கும். வெட்டவே கூடாது என்று விட்டுவிட்டால் அந்தச் சொல் குமிழிக்கு வெளியே நீண்டு, விளிம்பில் மறைந்துவிடும். மறைவது எது? "மாட்டார்கள்" என்னும் எதிர்மறை. தமிழில் உண்டு, இல்லை என்பதைச் சொல்லும் உறுப்பு சொல்லின் கடைசியில்தான் இருக்கிறது. ஆங்கில அறிவிப்பில் வரியின் விளிம்பில் ஒரு சொல் துண்டானால் பெரும்பாலும் அந்தச் சொல் மட்டும் கெடும். தமிழில் விளிம்பு கெட்டால் வாக்கியமே தலைகீழாகிவிடும்.

இந்த மூன்றுமே ஒரே காரணத்தால் வருகின்றன. ஒருங்குறியின் வரிமுறிப்பு விதிகளில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகள் இருக்கும் அதே வகையில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. அதாவது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தில் வரியை மடக்கலாம். சொல்லுக்குள் மடக்கக் கூடாது. தாய்லாந்து மொழியில் சொற்களுக்கு இடையே வெற்றிடம் விடும் வழக்கம் இல்லாததால் அதற்குத் தனி வகையும் அகராதி வழி முறிப்பும் உண்டு. தமிழில் வெற்றிடம் இருப்பதால் ஆங்கிலத்தைப் போல நடத்தினால் போதும் என்று எண்ணிவிட்டார்கள். எண்ணத்தில் தவறு இல்லை, ஆனால் நம் சொல்லின் நீளம் கணக்கில் வரவில்லை. ஆங்கிலத்தில் நான்கு சொல்லாக நிற்பதை நாம் வினை, துணைவினை, எதிர்மறை, விகுதி என்று ஒன்றோடொன்று ஒட்டி ஒரே சொல்லாக எழுதுகிறோம். அகலமான பக்கத்தில் இது தெரியாது. குமிழி, இரண்டு பத்தி வைத்த சுற்றறிக்கை, பேருந்துக்குள் ஒட்டும் சிறு தாள் என்று இடம் ஒடுங்கும்போது மென்பொருள் விழிக்கிறது. அதற்குத் தெரிந்தவை இரண்டே நிலைகள்: சொல்லுக்குள் முறிக்காதே, அல்லது எங்கு வேண்டுமானாலும் முறி. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

அந்த நடுவழி நம் அச்சுத் தொழிலுக்குப் புதிதல்ல. பழைய புத்தகங்களைப் புரட்டினால், வரி முடிவில் சொற்கள் தாராளமாக முறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம், பெரும்பாலும் சிறுகோடு கூட இல்லாமல். ஆனால் கண்டபடி முறிக்கப்பட்டிருக்காது. புள்ளி எழுத்து வரியின் தலைப்பில் வராது. உயிர்மெய்யின் கொம்பும் காலும் பிரியாது. ஓர் எழுத்து மட்டும் தனியாகத் தொங்காது. ஈய எழுத்துகளைக் கோத்தவர்களின் கை அறிந்த முறை இது. கோத்தவர் தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்பதால் அதைத் தாளில் எழுதிவைக்கும் தேவை ஏற்படவில்லை. வேலை கணினிக்குப் போனபோது, எழுதிவைக்காத விதி கூடப் போகவில்லை.

இப்போது அந்த விதியை நம் பதினைந்து எழுத்துச் சொல்லில் வைத்துப் பார்க்கிறேன். அ, னு, ம, தி, க், க, ப், ப, ட, மா, ட், டா, ர், க, ள். எழுத்துகளுக்கு இடையே பதினான்கு இடுக்குகள். அடுத்து புள்ளி எழுத்து வரும் இடுக்குகளை நீக்கினால், அதாவது க், ப், ட், ர், ள் ஆகியவற்றுக்கு முன் உள்ள ஐந்தையும் விட்டால், ஒன்பது மிஞ்சும். "அ" மட்டும் தனியே நிற்கும் முதல் இடுக்கையும் விட்டால் எட்டு. எழுத்தளவில் இந்த எட்டும் சரியானவை. இவற்றில் இரண்டு மற்றவற்றைவிட மேலானவை: "அனுமதிக்கப் / படமாட்டார்கள்", "அனுமதிக்கப்பட / மாட்டார்கள்". இவை சொல்லின் உறுப்புகள் ஒட்டிய இடங்கள். "அனுமதிக்கப்ப" என்று நிறுத்தினால் எழுத்து விதி மீறப்படவில்லை, ஆனால் பொருளுக்கு அங்கே ஓர் இளைப்பாறும் இடம் இல்லை. பன்னிரண்டு எழுத்துக் குமிழியில் நல்ல அச்சுக்கோப்பவர் ஒருவர் இப்படித்தான் அமைத்திருப்பார்:

முன்பதிவு
செய்யாதவர்கள்
அனுமதிக்கப்பட
மாட்டார்கள்

எதிர்மறை முழுதாக ஒரு வரியில் நிற்கிறது. நின்று படித்தாலும் ஓடிப் படித்தாலும் பொருள் மாறாது.

சிறுகோடு போட வேண்டுமா, வேண்டாமா என்பதில் நண்பர்களிடையே எப்போதும் வாக்குவாதம் வரும். என் கருத்தைச் சொல்கிறேன்; உங்கள் வல்லுநர்கள் இதைச் சோதிக்க வேண்டும். நம் பள்ளி இலக்கணத்தில் மொழிமுதல் எழுத்துகள், மொழியிறுதி எழுத்துகள் என்று ஒரு பகுதி உண்டு. மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் பகுதி. வரிமுறிப்புக்கு அதைவிடப் பயனுள்ள பாடம் இல்லை. "பெற்றோர்" என்பதை "பெற் / றோர்" என்று முறித்தால் கோடே வேண்டாம். தமிழ்ச் சொல் எதுவும் "ற்" என்று முடியாது, "றோ" என்று தொடங்கவும் தொடங்காது. சொல் முடியவில்லை என்று முதல் வரியே சொல்கிறது, இது தொடர்ச்சி என்று இரண்டாம் வரியும் சொல்கிறது. "வண் / டிகள்" என்பதில் "வண்" ஏமாற்றக்கூடும், "டிகள்" ஏமாற்றாது. டிக்கெட், ரயில், லாரி போன்ற சொற்கள் குடியேறிய பிறகு ட, ர, ல ஆகியவற்றின் சாட்சி சற்று வலுவிழந்திருக்கிறது. ண, ழ, ள, ற, ன ஆகியவை இன்றும் உறுதியாக நிற்கின்றன.

ஆபத்து இருப்பது இரு பக்கமும் ஏமாற்றும் இடத்தில். "நாளை பள்ளிக்கு விடு / முறை." "உண்டி / யல்." "வருவ / தில்லை." "செய்யாதவர் / கள்." இடப்பக்கத் துண்டு தானே ஒரு சொல்லாக நிற்கலாம், வலப்பக்கத் துண்டும் ஒரு சொல்லைப் போலவே தொடங்குகிறது. க, ச, த, ந, ப, ம, ய, வ ஆகியவற்றில் தொடங்கும் துண்டுகள் எல்லாமே இந்த ஐயத்துக்கு உரியவை. இங்கே கோடு கட்டாயம் வேண்டும், அல்லது முறிப்பையே தவிர்க்க வேண்டும். ஆக, கோடு வேண்டுமா என்ற கேள்விக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. பழைய நூல்களில் கோடு இல்லாமலே படிக்க முடிந்ததற்கும், இன்றைய அறிவிப்புகளில் அதே முறிப்பு தடுமாற வைப்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். நாவல் படிப்பவர் சூழலைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார். அறிவிப்பைப் பார்ப்பவருக்கு அந்த மூன்று வரிகளைத் தவிர வேறு துணை கிடையாது.

இனி, கையில் இருக்கும் கருவிகள். இதைச் சொல்லாவிட்டால் ஒன்றுமே இல்லாத இடத்தில் நீங்கள் தொடங்க வேண்டும் என்பது போல ஆகிவிடும். டெக் அச்சமைப்பு மென்பொருளுக்காகத் தமிழ்ச் சொல்முறிப்பு வடிவங்களை சந்தோஷ் தோட்டிங்கல் ஆக்கி, எல்லோரும் பயன்படுத்தும்படி கொடுத்திருக்கிறார். ஆண்ட்ராய்டும் தமிழ் முறிப்புப் பட்டியல் ஒன்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. எனவே, பெரும்பாலான தமிழர்களின் சட்டைப்பையில் இருக்கும் கருவிக்குள் விடையின் ஒரு பாதி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் ஆண்ட்ராய்டு 10 முதல் சொல்முறிப்பு வசதி இயல்பாக அணைக்கப்பட்ட நிலையில்தான் வருகிறது. செயலியை எழுதுபவர் கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்கு இரண்டு வரிகள் போதும்:

```
textView.textLocale = Locale("ta")
textView.hyphenationFrequency = Layout.HYPHENATION_FREQUENCY_NORMAL
```

முதல் வரி முக்கியமானது. எழுத்தைப் பார்த்தால் தெரியாதா, மொழியின் பெயரை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். ஆங்கில எழுத்தில் எழுதியது ஆங்கிலமாகவும் இருக்கலாம், பிரெஞ்சாகவும் இருக்கலாம் என்பதால் மென்பொருள்கள் எழுத்தை வைத்து மொழியை ஊகிப்பதில்லை. கைப்பேசி எந்த மொழியில் அமைக்கப்பட்டிருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்கின்றன. நம்மில் மிகப் பலர் கைப்பேசியை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தமிழில் செய்தி அனுப்புகிறோம். ஆகவே தமிழ்ப் பட்டியல் உள்ளே இருந்தும் அழைக்கப்படாமல் கிடக்கிறது. தமிழ் எழுத்தில் வரும் செய்தியைத் தமிழ் என்றே கொள்வதால் கெடுவது ஒன்றும் இல்லை. இந்த ஒரு குறிப்பை நீங்கள் செயலி எழுதுவோருக்குக் கொடுத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

இணையப் பக்கத்திலும் கதை இதுவே:

```
<p lang="ta">...</p>

p:lang(ta) {
  hyphens: auto;
  overflow-wrap: break-word;
}
```

பக்கத்தில் `lang="ta"` என்று இல்லாவிட்டால் `hyphens: auto` தமிழைத் தொடாது. உலாவிக்குள் தமிழ்ப் பட்டியல் இருக்கவும் வேண்டும். இல்லாதபோது இரண்டாவது கட்டளை சொல்லை விளிம்புக்கு வெளியே ஓடவிடாமலாவது காக்கும். `word-break: break-all` என்பதை மட்டும் தமிழுக்கு ஒருபோதும் போடக் கூடாது. மேலே இரண்டாம் வரியில் "கள்" வந்து நின்றது அதன் வேலைதான்.

இந்தப் பட்டியல்கள் ஏன் விடையின் பாதி மட்டும் என்றும் சொல்ல வேண்டும். அவை எழுத்தை அறியும், சொல்லின் உறுப்பை அறியா. அனுமதிக்கப்பட்ட இடுக்குகளில் வரிக்குள் அடங்கும் கடைசி இடுக்கில் அவை முறிக்கும். கோட்டுக்கு ஓர் எழுத்தின் இடத்தை ஒதுக்கி, நீண்ட சொல்லைப் புதிய வரியில் தொடங்கினால், நம் குமிழியில் "அனுமதிக்கப்படமாட்- / டார்கள்" என்று வரும். "ர்கள்" என்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் "மாட்டார்கள்" உடைந்துவிட்டது. இதைத் திருத்தப் புதிய மென்பொருள் எதுவும் எழுத வேண்டியதில்லை. அதே பட்டியலில் துணைவினைகளுக்கான வடிவங்களைச் சேர்த்தால் போதும். அந்த வடிவங்களில் ஒற்றைப்படை எண் முறிக்கலாம் என்றும், இரட்டைப்படை எண் முறிக்கக் கூடாது என்றும் பொருள்படும். ஓர் இடுக்குக்குப் பல எண்கள் பொருந்தினால் பெரியதே வெல்லும். எடுத்துக்காட்டாக:

```
ட1மா2ட்2டா2ர்
```

"ட" முடிந்து "மா" தொடங்கும் இடத்தில் முறிக்கலாம், "மாட்டார்" என்பதற்குள் முறிக்கக் கூடாது என்பதே இதன் பொருள். படு, விடு, கொள், இரு, வேண்டும், கூடாது, இல்லை, மாட்டு என்று அறிவிப்புத் தமிழில் அடிக்கடி ஒட்டி வரும் துணைவினைகள் அதிகம் இல்லை. அவற்றின் வடிவங்களைத் தொகுப்பது தமிழ் இலக்கணம் தெரிந்த ஒருவரும் நிரல் எழுதத் தெரிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. "கள்" என்னும் விகுதி முன்வரியிலிருந்து பிரியாமல் காப்பதையும் அங்கேயே சேர்த்துவிடலாம். தனிமனிதர்கள் செய்தால் அது அவர்களின் விருப்பம் என்று போய்விடும். உங்கள் பெயரில் வந்தால் மென்பொருள் நிறுவனங்கள் எடுத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கும்.

அச்சுப் பக்கத்தில் வேறொரு சிக்கல் கூடவே நிற்கிறது. ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைகளிலும் சிறு அச்சகங்களிலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்றும் நாள்தோறும் பயன்படுகின்றன. அந்த எழுத்துருவில் "தமிழ்" என்று திரையில் தெரிவது உள்ளே `jkpo;` என்று இருக்கிறது. "திருக்கோயில்" உள்ளே `jpUf;Nfhapy;`. மென்பொருளுக்கு இது தமிழ் என்று தெரிய எந்த வழியும் இல்லை. இது ஏதோ ஆங்கிலச் சொல் என்று எண்ணி, ஆங்கில விதிப்படி முறிக்கப் பார்க்கிறது. `N` என்பது இரட்டைக்கொம்பு. அதற்குப் பின் முறித்தால் கொம்பு மேல்வரியின் முடிவில் தனியாக நிற்கும், கீழ்வரியில் "காயில்" என்று தொடங்கும். கோயில் விழா அறிவிப்பில் "காயில்" என்று படித்த எவரும் இதை மறக்க மாட்டார்கள். இதற்கு அந்த எழுத்துருவுக்குள் மருந்து இல்லை. உடனடியாகச் செய்யக்கூடியது, பத்தியின் சொல்முறிப்பை முழுதாக அணைத்துவிட்டு, வலப்பக்கத்தை நேராக்காமல் இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்துவது. நிலையான தீர்வு ஒருங்குறிக்கு மாறுவதுதான். இன்டிசைன் வைத்திருப்பவர்கள் மாறியபின் பத்தியின் மொழியைத் தமிழ் என்று குறித்து, `Adobe World-Ready Paragraph Composer` என்பதைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

வலப்பக்கத்தை நேராக்குவது பற்றி ஒரு சொல். குறுகிய பத்தியில் இருபக்கமும் நேராக்கினால், முறிக்க இயலாத நீண்ட தமிழ்ச் சொல் கீழே இறங்கி, மேலே மிஞ்சிய இரண்டு சொற்களுக்கு இடையே பெரும் பள்ளம் விழும். நம் அலுவலகங்கள் அறிவிப்பு என்றாலே இருபக்கமும் நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கின்றன. இந்த வழக்கத்தை விட்டுவிடுமாறு அவற்றுக்கு நீங்கள் அறிவுறுத்தினாலே பாதி அறிவிப்புகள் படிக்கத்தக்கதாகிவிடும்.

கருவி கைவிடும்போது மனிதர்கள் தாங்களே ஒரு வழி செய்துகொள்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது அந்த வழிதான். வரி அழகாக மடங்க வேண்டும் என்பதற்காகச் சொல்லுக்கு நடுவே வெற்றிடம் விட்டுவிடுகிறார்கள்: "அனுமதிக்கப் பட மாட்டார்கள்", "நடத்தப் படும்", "விற்கப் படும்." அந்தத் தாளில் அது சரியாக அமைந்துவிடும். பிறகு அதே கோப்பை அகலமான பக்கத்தில் போடும்போது வெற்றிடம் மட்டும் நடுவரியில் நிற்கும். "அனுமதிக்கப்பட" என்று தேடினால் கிடைக்காது. பார்வையற்றோருக்காகப் படித்துக்காட்டும் மென்பொருள் அதைத் துண்டு துண்டாக வாசிக்கும். நாளடைவில் பிரித்து எழுதுவதே சரி என்று பிள்ளைகளும் கற்றுக்கொள்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத முறிப்புக்குறிகளைச் (U+00AD, U+200B) சொல்லுக்குள் செருகுகிறவர்களும் உண்டு. அவை தோற்றத்தைக் காக்கும். ஆனால் நகலெடுக்கும்போது கூடவே போய், தேடலைக் கெடுக்கும். ஆட்பெயர், ஊர்ப்பெயர், விண்ணப்ப எண் இவற்றுக்குள் அவற்றைச் செருகவே கூடாது. மென்பொருள் தானாக முறித்து இடும் கோட்டில் இந்தத் தொல்லை இல்லை. அது திரையில் மட்டும் தோன்றும், உரைக்குள் சேராது.

விதியை எழுதும்போது இன்னொன்றையும் மறக்காமல் சேர்க்க வேண்டும். "மீனாக்ஷி" என்ற பெயர் "மீனாக் / ஷி" என்று முறிவதை அழைப்பிதழ்களில் பார்க்கிறேன். ஒருங்குறியின் எழுத்துக்கூட்ட விதிப்படி "க்" ஒன்று, "ஷி" மற்றொன்று. 2023-இல் வந்த 15.1 பதிப்பு தேவநாகரி, மலையாளம் முதலியவற்றில் கூட்டெழுத்து பிரியாதிருக்க விதி சேர்த்தது. தமிழ் அதில் சேர்க்கப்படவில்லை. அது சரியானதே. புள்ளி எழுத்தை அடுத்த எழுத்தோடு கட்டிவைத்தால் "பெற் / றோர்" என்று முறிக்க முடியாமல் போகும். க்ஷ, ஸ்ரீ ஆகிய இரண்டை மட்டும் விலக்காகச் சொன்னால் போதும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவே. புள்ளி எழுத்து வரியின் தலைப்பில் வரலாகாது, ஓரெழுத்து தனியே தொங்கலாகாது, க்ஷவும் ஸ்ரீயும் பிரியலாகா, எதிர்மறையும் "கள்" விகுதியும் உடையலாகா, இரு பக்கமும் ஏமாற்றும் முறிப்பில் கோடு வேண்டும் என்னும் விதிகளை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். துணைவினைகளைச் சேர்த்த முறிப்புப் பட்டியலை வெளியிடுங்கள். கூடவே, சோதிப்பதற்கு ஒரு சொல்வரிசையையும் கொடுங்கள்: ஒவ்வொரு சொல்லுக்கும் அனுமதித்த இடுக்குகள் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். செயலி எழுதுபவர் தமிழ் தெரியாதவராக இருந்தாலும், சாளரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்கிக்கொண்டே வந்து, வரியின் தலைப்பில் புள்ளி எழுத்து வருகிறதா, பிரிந்த கொம்பு நிற்கிறதா என்று கண்ணால் பார்த்தே தன் செயலி தேறியதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

தவறாக முறிந்த சொற்களை மெய்ப்புத் தாள்களிலிருந்து குறித்து வைத்திருக்கிறேன். சோதனை வரிசைக்கு அவை பயன்படும் என்றால் எந்த நிபந்தனையும் இல்லாமல் தருகிறேன். உங்கள் அலுவலகத்தில் யாரிடம் கொடுப்பது என்று தெரிவித்தால் போதும்.

அன்புடன்,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்